சாப்பாட்டுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை: லாக்டேஸ் மாத்திரையை எப்போது போட வேண்டும்?

மாத்திரை அட்டை கைக்கு வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?" என்பதுதான். பெரும்பாலான மாத்திரைகளுக்கு இந்த இரண்டில் ஒன்று பதிலாக இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் போடும் லாக்டேஸ் மாத்திரைக்கோ இரண்டுமே தவறான பதில். இதைப் பால் வாய்க்குள் போகும் அதே நேரத்தில் போட வேண்டும். அரை மணி நேரம் முன்னால் போட்டாலும் வீண், வயிறு பொருமத் தொடங்கிய பிறகு போட்டாலும் வீண்.

உணவு ஆலோசனைக்காக என்னிடம் வந்த 43 வயதுப் பெண் ஒருவர், "இந்த மாத்திரை சுத்த ஏமாற்று" என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தார். தினமும் காலையில் ஒரு பெரிய டம்ளர், ஏறக்குறைய 250 மில்லி பால் குடிப்பவர். குடித்து ஒரு மணி நேரத்துக்குள் வயிறு களகளவென்று சத்தம் போடும், உப்பும், பிறகு கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். இரண்டு வாரம் மாத்திரை போட்டும் மாற்றம் இல்லை. எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து இதையும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, ஆறே முக்காலுக்குப் பால் குடித்திருக்கிறார். மாத்திரையும் சரியானது, அளவும் சரி. பால் வந்து சேர்ந்தபோது மாத்திரைதான் அங்கே இல்லை. அவருடைய கதையைக் கடைசிவரை சொல்கிறேன். அதற்கு முன் அந்த 45 நிமிடத்தில் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வோம்.

மாத்திரை வேலை செய்யும் இடம் இரைப்பை

பாலில் இருக்கும் சர்க்கரைக்குப் பெயர் லாக்டோஸ். குளுக்கோஸும் கேலக்டோஸும் கைகோத்து நிற்கும் இரட்டைச் சர்க்கரை அது. இரட்டையாக இருக்கும்வரை குடல் அதை உள்ளே எடுத்துக்கொள்ளாது. கைகளைப் பிரித்துவிடும் என்சைம்தான் லாக்டேஸ். இரண்டு பெயரும் ஒன்றுபோல ஒலித்துக் குழப்பும் என்பதால், இந்தக் கட்டுரை முழுக்க லாக்டோஸைப் பால் சர்க்கரை என்றே எழுதுகிறேன்.

குழந்தைப் பருவத்தில் சிறுகுடலின் உட்சுவரில் லாக்டேஸ் தாராளமாகச் சுரக்கிறது. வளர வளர அது குறைகிறது. உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பெரியவர்களான பின் இப்படித்தான். இது நோய் அல்ல, உடலின் வழக்கமான போக்கு. பிரிக்கப்படாத பால் சர்க்கரை சிறுகுடலில் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களை உண்டாக்குகின்றன. உப்புசமும் சத்தமும் பேதியும் வருவது இதனால்தான். குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இது தொடங்குவது வழக்கம்.

நாம் விழுங்கும் லாக்டேஸ் குடல் சுவரில் போய் ஒட்டிக்கொள்வதில்லை, குறைந்துபோன சுரப்பைத் திரும்பக் கொண்டுவருவதும் இல்லை. பாலோடு கலந்து, பால் இரைப்பையில் தங்கியிருக்கும் நேரத்துக்குள் முடிந்த அளவு சர்க்கரையைப் பிரித்துவிட்டுத் தானும் செரிமானமாகிவிடும். அதன் ஆயுள் அவ்வளவுதான். அடுத்த வேளைக்கு அதில் எதுவும் மிச்சமிருக்காது.

பெரும்பாலான மாத்திரைகளில் இருப்பது ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையிலிருந்து எடுத்த லாக்டேஸ். மிதமான புளிப்பில், அதாவது பிஎச் 4, 5 அளவில் அது சுறுசுறுப்பாக இயங்கும். சாப்பாடு இறங்கியதும் இரைப்பையின் புளிப்பு மட்டுப்பட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஏறக்குறைய அந்த நிலையில் இருக்கும். வெறும் வயிற்றின் நிலை வேறு. அங்கே பிஎச் 1, 2 என்று அமிலம் கடுமையாக இருக்கும். அந்தக் கடுமையில் என்சைம் சிதைந்துவிடும். சிதையாமல் தப்பியது குடித்த தண்ணீரோடு சில நிமிடங்களில் சிறுகுடலுக்கு இறங்கிவிடும். அங்கே அமிலம் குறைவு, பூஞ்சை லாக்டேஸுக்கு ஏற்ற சூழல் அல்ல. போதாததற்குக் கணையத்தின் புரதம் செரிக்கும் என்சைம்கள் இதையும் ஒரு புரதமாகப் பார்த்து உடைத்துவிடும்.

அந்தப் பெண்ணின் மாத்திரைக்கு ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையே நேர்ந்தது இதுதான். மாத்திரைக்குப் பால் துணை வேண்டும். பால்தான் அமிலத்தை மட்டுப்படுத்தி மாத்திரையைக் காப்பாற்றுகிறது, மாத்திரை பாலைப் பிரித்துக் கொடுக்கிறது.

முதல் படி: குற்றவாளி பால் சர்க்கரைதானா?

மாத்திரை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. அவசரத்தில் பலர் தாண்டிப்போவதும் இதைத்தான். லாக்டேஸ் பிரிப்பது பால் சர்க்கரையை மட்டுமே. பாலில் உள்ள புரதத்தையோ கொழுப்பையோ அது தொடாது.

இதைச் சோதிக்க எளிய வழி, லாக்டோஸ் நீக்கிய பால். கடைகளில் அந்தப் பெயரிலேயே கிடைக்கும். பெரும்பாலும் ஆலையிலேயே லாக்டேஸ் சேர்த்து, சர்க்கரையை முன்கூட்டியே பிரித்துவிட்ட பால் அது. புரதமும் கொழுப்பும் அப்படியே இருக்கும். மூன்று நாள் வழக்கமான அளவில், வழக்கமான நேரத்தில் அதைக் குடியுங்கள். அடுத்த மூன்று நாள் சாதாரணப் பாலை அதே அளவில் குடியுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். முதல் மூன்று நாள் வயிறு அமைதியாக இருந்து, அடுத்த மூன்று நாள் பொருமினால் பிரச்சினை பால் சர்க்கரைதான். மாத்திரை உதவ நல்ல வாய்ப்பு உண்டு. லாக்டோஸ் நீக்கிய பாலுக்கும் வயிறு அதே பாடு படுத்தினால் மாத்திரையில் பணம் போடாதீர்கள். ஆலையில் பல மணி நேரம் நிதானமாகச் செய்த வேலையைத்தான் மாத்திரை இரைப்பையில் அவசர அவசரமாகச் செய்யப்போகிறது. முழுமையாகப் பிரித்த பாலே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

எது எந்தப் பால் என்று உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் ஒருவர் ஊற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பிரித்த பால் கொஞ்சம் தித்திக்கும். அதனால் சாதாரணப் பாலில் அரை ஸ்பூன் சர்க்கரை கலக்கச் சொல்லுங்கள். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். 1995-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், பால் தங்களுக்குக் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 30 பேருக்கு ஒரு வாரம் சாதாரணப் பாலும், ஒரு வாரம் சர்க்கரை பிரித்த பாலும், காலை உணவோடு தினம் 240 மில்லி கொடுத்தார்கள். எது எது என்று குடித்தவர்களுக்குத் தெரியாது. இரண்டு வாரத்துக்கும் இடையே பெரிய வித்தியாசமே தெரியவில்லை. அந்த 30 பேரில் 9 பேருக்குப் பால் சர்க்கரை நன்றாகவே செரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுவலி உண்மை, பழி மட்டும் தவறான பொருள்மேல் விழுந்திருந்தது.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மருத்துவரிடம் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை கேட்கலாம். பால் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கவைத்து, சில மணி நேரம் மூச்சை ஊதச் சொல்லி, ஹைட்ரஜன் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். அன்றைக்கு லாக்டேஸ் மாத்திரை போடக் கூடாது, போட்டால் முடிவு பொய்யாகிவிடும்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பால் குடித்ததும் உடம்பில் தடிப்பு, உதடு அல்லது கண் வீக்கம், தொண்டை இறுக்கம், மூச்சிரைப்பு வந்தால் அது பால் புரத ஒவ்வாமை. அதற்கு லாக்டேஸ் மாத்திரை எந்தப் பாதுகாப்பும் தராது. மாத்திரை இருக்கிறதே என்ற தைரியத்தில் பாலைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. அதேபோல மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் பேதி, ரத்த சோகை இருந்தால் சோதனைகளை நீங்களே செய்துகொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். குடல் சுவர் பழுதானாலும் லாக்டேஸ் குறையும். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயிலும், கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பின்னும் அப்படி ஆவதுண்டு. அப்போது சரிசெய்ய வேண்டியது அடியில் இருக்கும் நோயை.

இரண்டாம் படி: எதற்கு மாத்திரை தேவை, எதற்குத் தேவையில்லை

பால் என்ற சொல் காதில் விழுந்தாலே மாத்திரையைத் தேட வேண்டியதில்லை. 100 மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம் பால் சர்க்கரை இருக்கிறது. லாக்டேஸ் குறைந்தவர்களில் பலர் ஒரே நேரத்தில் 12 கிராம் வரை, அதாவது ஒரு டம்ளர் பால் வரை, பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்குகிறார்கள். சாப்பாட்டோடு சேர்ந்தால் அந்த அளவு இன்னும் கூடும். இது சராசரிதான். 5 கிராமுக்கே வயிறு எதிர்ப்புக் காட்டுகிறவர்களும் உண்டு.

காபியிலோ டீயிலோ ஊற்றும் 50 மில்லி பாலில் இருப்பது இரண்டரை கிராம். பலருக்கு இதற்கு மாத்திரை வேண்டாம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று கப் குடித்தால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். நெய்யில் பால் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை, வெண்ணெயில் மிகக் குறைவு. பல மாதம் பதப்படுத்திய கெட்டியான சீஸிலும் பெயருக்குத்தான் இருக்கும். தயிரில் பாலைவிடச் சற்றுக் குறைவு. அதிலுள்ள உயிருள்ள பாக்டீரியாக்கள் தங்கள் லாக்டேஸையும் கூடவே கொண்டுவருகின்றன. கெட்டியாக இருப்பதால் வயிற்றைவிட்டு மெதுவாக இறங்கும். அதனால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. தயிரைக் கொதிக்கவைத்துச் சமைத்தால் பாக்டீரியாக்கள் தரும் அந்த உதவி போய்விடும்.

மாத்திரைக்கு உண்மையான வேலை இருப்பது ஒரு டம்ளருக்கு மேல் பால், மில்க் ஷேக், ஐஸ்கிரீம், வெள்ளை சாஸ் ஊற்றிய பதார்த்தங்கள், பால்பவுடர் சேர்ந்த இனிப்புகள் போன்றவற்றில். பால்பவுடர்மீது ஒரு கண் வையுங்கள். கொழுப்பு நீக்கிய பால்பவுடரில் ஏறக்குறைய பாதி எடை பால் சர்க்கரைதான். மூன்று பெரிய ஸ்பூன் சேர்த்த பானம் பார்வைக்குச் சாதுவாக இருக்கும், வயிற்றுக்கு அது ஒரு டம்ளர் பால்.

மூன்றாம் படி: அட்டையில் எதைப் படிப்பது

மில்லிகிராம் எண்ணைப் பார்க்காதீர்கள். என்சைமுக்கு எடை முக்கியமல்ல, வேலை செய்யும் திறன்தான் முக்கியம். அது எஃப்சிசி யூனிட் என்ற அளவில் எழுதப்பட்டிருக்கும். 3000, 4500, 9000 என்ற அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில், பால் சர்க்கரை செரிக்க உதவும் என்று ஒரு மாத்திரைமேல் எழுத வேண்டுமென்றால், பால் சேர்ந்த ஒவ்வொரு உணவோடும் குறைந்தது 4500 யூனிட் என்ற அளவு இருக்க வேண்டும். நீங்கள் தொடங்குவதற்கும் அது நல்ல அடிமட்டக் கோடு.

எத்தனை யூனிட் எத்தனை கிராமைப் பிரிக்கும் என்று பலரும் கேட்கிறார்கள். அப்படி நேரான கணக்கு கிடையாது. அந்த யூனிட்டை அளப்பது ஆய்வகத்தில், 37 டிகிரியில், பிஎச் 4.5-ல், பால் சர்க்கரைக்குப் பதிலாக வேறொரு பொருளைப் பிரிக்கவைத்து. உங்கள் இரைப்பையில் சூடு ஒன்றுதான் அதே அளவு. புளிப்பும், கூடவே இருக்கும் உணவும், தங்கும் நேரமும் வேளைக்கு வேளை மாறும். ஒரு நிறுவனத்தின் மாத்திரையை இன்னொன்றோடு ஒப்பிட யூனிட் உதவும். உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் வயிறுதான் சொல்லும், அதைக் கேட்கும் முறை கீழே வருகிறது.

மெல்லும் வகை, விழுங்கும் வகை, தூள் அடைத்த காப்ஸ்யூல் என்று மூன்றும் உண்டு. வெறும் பால் குடிப்பவர்களுக்கு மெல்லும் வகை நல்லது. வாயிலேயே தூளாகிப் பாலோடு உடனே கலந்துவிடும். விழுங்கும் மாத்திரை கரையச் சில நிமிடம் பிடிக்கும், வெறும் பாலுக்கு அந்தச் சில நிமிடம் பெரிது. மெல்லும் மாத்திரை சிலவற்றில் இனிப்புக்காக மானிட்டால், சார்பிட்டால் சேர்க்கிறார்கள். உப்புசத்துக்காகப் போடும் மாத்திரையே சிலருக்கு வாயுவை உண்டாக்க இவை காரணமாகலாம். அட்டையின் பின்பக்கத்தில் இந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சொட்டு வடிவில் விற்பது வேறு சங்கதி. அதில் பெரும்பாலும் ஈஸ்டிலிருந்து எடுத்த லாக்டேஸ் இருக்கும். அது பாலின் இயல்பான நிலையில் வேலை செய்யும், இரைப்பை அமிலத்தில் பிழைக்காது. ஆகவே அதைக் குடித்துப் பயனில்லை. பாலில் விட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்துவிட்டுக் குடிக்க வேண்டும். வேலை நடந்ததா என்று நாக்கே சொல்லும். நேற்று இரவு சாதாரணமாக இருந்த பால் இன்று இரவு சர்க்கரை போட்டதுபோலத் தித்தித்தால் இரட்டைச் சர்க்கரை பிரிந்துவிட்டது என்று பொருள், ஏனென்றால் பிரிந்த குளுக்கோஸும் கேலக்டோஸும் பால் சர்க்கரையைவிட இனிப்பானவை. தினமும் வீட்டில் பால் குடிப்பவர்களுக்கு மாத்திரையைவிட இந்த வழி நம்பகமானது என்பது என் கருத்து. மாத்திரை வெளியே சாப்பிடும் நாட்களுக்கு ஏற்றது.

நான்காம் படி: நேரம்

அடிப்படை விதி ஒன்றுதான். மாத்திரை துணை போக வேண்டியது பாலுக்கு, சாப்பாட்டுக்கு அல்ல. உங்கள் சாப்பாட்டில் பால் எந்த இடத்தில் வருகிறதோ, அந்த இடத்தின் முதல் வாயோடு மாத்திரை.

ஒரு டம்ளர் பாலை மட்டும் குடிப்பதென்றால், இரண்டு மூன்று வாய் குடித்துவிட்டு மாத்திரையை மென்று, மீதியைக் குடியுங்கள். முன்னே போன பால் அமிலத்தை அடக்கிவைக்கும், பின்னே வரும் பால் மாத்திரையோடு கலக்கும். மடமடவென்று ஒரே மூச்சில் குடிக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். திரவம் இரைப்பையை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் வெறும் வயிற்றில் குடிக்கும் பால்தான் மாத்திரைக்குக் கடினமான தேர்வு. அதே பாலைத் திடமான உணவோடு சேர்த்தால் இரைப்பை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும். மாத்திரைக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். சிறுகுடலில் மீதமிருக்கும் உங்கள் சொந்த லாக்டேஸும் சிறு சிறு தவணையாக வருவதைச் சமாளிக்கும். மாத்திரை அளவைக் கூட்டுவதற்கு முன் பாலைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பாருங்கள். செலவில்லாத மருந்து அது.

பால் சேர்ந்த பதார்த்தம் சாப்பாடு முழுக்க இருந்தால் முதல் கவளத்தோடு ஒன்று. சாப்பாடு முக்கால் மணி நேரத்தைத் தாண்டி, பால் பதார்த்தங்களும் வந்துகொண்டே இருந்தால் இன்னொன்று. முதல் மாத்திரையின் பெரும்பகுதி அதற்குள் சிதைந்தோ இறங்கியோ போயிருக்கும். ஐஸ்கிரீம் கடைசியில் மட்டும் வருகிறதென்றால் ஆரம்பத்தில் மாத்திரை வேண்டாம், ஐஸ்கிரீமின் முதல் ஸ்பூனோடு போடுங்கள்.

போட மறந்துவிட்டீர்களா? பாதிச் சாப்பாட்டில் நினைவு வந்தால் உடனே போடுங்கள், இரைப்பையில் இருப்பதையாவது பிரிக்கும். திடமான உணவோடு சாப்பிட்டு முடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தாலும் போட்டுப் பார்க்கலாம், கொஞ்சம் பயன் இருக்கும். வயிறு சத்தம் போடத் தொடங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். பால் சர்க்கரை அப்போது பெருங்குடலை எட்டிவிட்டது, மாத்திரை அங்கே போய்ச் சேராது. அந்த நேரத்தில் இரண்டு மூன்றாகப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம், அத்தனையும் வீண்.

சூடு இன்னொரு எதிரி. காப்ஸ்யூலைப் பிரித்துக் கொதிக்கும் பாலிலோ காபியிலோ கொட்டினால் என்சைம் வெந்துபோகும். மாத்திரையை வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த ஏதாவதொன்றோடு விழுங்கிவிட்டு, சூடான பானத்தை ஆறவைத்துக் குடியுங்கள். வெயிலில் நின்ற வண்டிக்குள்ளும், ஈரம் படும் குளியலறை அலமாரியிலும் மாத்திரையை வைக்காதீர்கள். பல மாதம் அப்படிக் கிடந்த அட்டையில் எழுதியிருக்கும் 9000 உண்மையில் எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: உங்கள் அளவைக் கண்டுபிடிப்பது

ஒரே உணவு, ஒரே அளவு, ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு நிலையையும் மூன்று நாளாவது பாருங்கள், ஒரு நாள் வயிற்றை நம்ப முடியாது. நோட்டில் நான்கு விஷயம் எழுதினால் போதும்: பால் எவ்வளவு, மாத்திரை போட்ட நிமிடம், தொந்தரவு தொடங்கிய நிமிடம், அது எவ்வளவு கடுமை. கடுமைக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போடலாம்.

முதலில் 9000 என்று தாராளமாகத் தொடங்கி, மாத்திரை உங்களுக்கு வேலை செய்கிறதா என்ற கேள்வியைத் தீர்த்துவிட்டு, பிறகு குறைத்துக்கொண்டு வருவது எனக்குப் பிடித்த முறை. குறைந்த அளவில் தொடங்கினால், பலன் இல்லாதபோது அளவு போதவில்லையா, மாத்திரையே பயனில்லையா என்று தெரியாமல் திண்டாட நேரும். லாக்டேஸ் ரத்தத்தில் கலப்பதில்லை, உணவுப் புரதம்போலச் செரித்துவிடும் என்பதால் இந்த அளவுகளில் பயப்பட ஒன்றுமில்லை. அட்டையில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். பூஞ்சை என்சைமுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும், பிறவியிலேயே கேலக்டோஸைக் கையாள முடியாத கேலக்டோசீமியா உள்ளவர்களும் இதைப் போடக் கூடாது.

இப்போது அந்தப் பெண்ணிடம் வருகிறேன். முதல் மூன்று நாள் லாக்டோஸ் நீக்கிய பால், 250 மில்லி, அவர் வழக்கப்படி ஆறே முக்காலுக்கு வெறும் வயிற்றில். மூன்று நாளும் மதிப்பெண் பூஜ்யம். சந்தேகம் தீர்ந்தது. அடுத்த மூன்று நாள் சாதாரணப் பால், மாத்திரை இல்லாமல், அதே நேரத்தில். கடுமை 7, 8, 7. தொந்தரவு குடித்து 50 நிமிடத்தில் தொடங்கியது. நோட்டில் ஒவ்வொரு நாளும் நிமிடக் கணக்கில் எழுதியிருந்தார்.

பிறகு மாத்திரையைத் தொடாமல் பாலை எட்டு மணிக் காலை உணவோடு நகர்த்தினோம். தைராய்டு மாத்திரைக்கும் பாலுக்கும் நடுவே இரண்டு மணி இடைவெளி கிடைத்தது, அதுவும் நல்லதே. கடுமை 4, 3, 4 என்று இறங்கியது. மாத்திரை இல்லாமலேயே ஏறக்குறைய பாதி. அடுத்து, காலை உணவின் நடுவில் பாலின் முதல் வாய்களோடு 9000 யூனிட் மாத்திரையை மென்றார். பூஜ்யம், 1, பூஜ்யம். மாத்திரையைப் பாதியாக உடைத்து 4500 ஆக்கியபோது 1, 2, 1. அந்த ஒன்று, இரண்டு அவருக்குப் பொருட்டாகத் தெரியவில்லை. பாதி மாத்திரையே போதும் என்று முடிவு செய்தார். ஏமாற்று என்று அவர் ஒதுக்கிவைத்திருந்த அதே டப்பாவைத்தான் கடைசிவரை பயன்படுத்தினோம்.

மாலைக் காபிக்கு மாத்திரை இல்லாமல் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டார்.

சரியாகப் போட்டும் பலனில்லை என்றால்

நோட்டில் உள்ள நிமிடங்களைப் பாருங்கள். பால் குடித்து ஐந்து, பத்து நிமிடத்தில் கழிவறைக்கு ஓடினால் காரணம் பெரும்பாலும் பால் சர்க்கரையாக இருக்காது, அதற்குள் அது பெருங்குடலைத் தொட்டிருக்க வழியில்லை. வயிறு நிறைந்ததும் குடல் தானாக அசையும் இயல்பு சிலருக்கு அதிகம், சூடான எந்தப் பானமும் அவர்களுக்கு அதைச் செய்யும். நெய்யும் பழைய சீஸும் கூடத் தொந்தரவு தந்தால் கொழுப்பைச் சந்தேகியுங்கள், பித்தப்பை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பால் இல்லாத நாட்களில் வெங்காயம், கோதுமை, பயறு சாப்பிட்டும் இதே உப்புசம் வந்தால் எரிச்சல் கொண்ட குடல் என்று சொல்லப்படும் நிலையாக இருக்கலாம். பால் சர்க்கரை அதில் பல காரணங்களுள் ஒன்று மட்டுமே, லாக்டேஸ் மாத்திரை அந்த ஒன்றுக்கு மட்டும் உதவும்.

நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதுவரை பிரியாமல் பெருங்குடலுக்குப் போன சர்க்கரை, மாத்திரை போட்டதும் குளுக்கோஸாகி ரத்தத்தில் சேரும். ஒரு டம்ளர் பாலின் 12 கிராமை இனி மாவுச்சத்துக் கணக்கில் முழுதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தார். ஒரு விருந்தில் மாத்திரை கைவிட்டுவிட்டது என்றார். நோட்டையும் கொண்டுவந்திருந்தார். ஏழரை மணிக்குச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு 9000 யூனிட் போட்டிருக்கிறார். சாப்பாட்டில் பால் சேர்ந்த பதார்த்தம் எதுவும் இல்லை. ஐஸ்கிரீம் வந்தது ஒன்பதே காலுக்கு. இரண்டு வரியையும் அருகருகே வைத்துக் காட்டினேன். அவரே பேனாவை எடுத்து ஏழரையை அடித்துவிட்டு, ஒன்பதே கால் என்பதற்குப் பக்கத்தில் மாத்திரை என்று எழுதிக்கொண்டார்.